இன்று இலகுவான நாள்

சின்ன வயதில் அக்கா போன இடமெல்லாம் பின்னாலேயே போனதால் அவனுக்கு அவள் வைத்த பெயர் வால். முப்பது வயதைத் தாண்டி, முன்நெற்றி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. வேலை பார்த்த மென்பொருள் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது முதல் வரிசையில் அவனைக் குறைத்தது. அக்கா தன் வக்கீல் அலுவலகத்தில் ஒரு நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். நாற்காலியோடு பழைய பெயரும் வந்தது. குமாஸ்தாவிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவன் வால் தம்பிதான்.

அக்கா அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது. தண்டச்சோறு என்று திட்டினால் கோபப்பட்டுக்கொண்டாவது சாப்பிடலாம். திட்டாமல் போடுகிற சோறு தொண்டையில் நிற்கும். ஏதாவது ஒன்றை உருப்படியாகச் செய்து காட்டி, இவன் இல்லாவிட்டால் இந்த அலுவலகம் ஓடாது என்று ஒரு நாளாவது அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தான்.

செய்வதற்கும் ஒன்று அகப்பட்டது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட அந்த அலுவலகத்தில் நாள் என்பது இரண்டு இடங்களில் துண்டு துண்டாகக் கிடந்தது. அக்காவுக்கு ஃபோனில் காலண்டர். எந்தக் கோர்ட், எந்த நேரம், யாருடைய வழக்கு என்பதெல்லாம் அதில். குமாஸ்தா அண்ணனுக்குத் தனியாக ஒரு செயலி. எதற்கு நகல் வாங்க வேண்டும், எதில் கையெழுத்து வேண்டும், எந்த நோட்டீசுக்குப் பதில் போக வேண்டும் என்று அவர் அதில் ஏற்றிக்கொண்டே போவார். அக்கா அதைத் திறந்து பார்க்க மாட்டாள், அவர் இதைத் திறந்து பார்க்க மாட்டார். இடது கைக்கும் வலது கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டையும் விடியற்காலையில் படித்து, அன்றைய வேலையை ஒரே ஒரு செய்தியாக அக்காவின் ஃபோனுக்கு அனுப்பும் ஒரு நிரலை எழுதுகிறேன் என்றான் வால். எழுது பார்க்கலாம் என்றாள் அவள்.

நிரல் எழுத மூன்று நாள்கூட ஆகவில்லை. அந்தச் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் உயிர் போனது. முதல் செய்தி ஒரு முழ நீளத்துக்கு வந்தது. பல் துலக்கிக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த அக்கா, இது சுருக்கமா சுயசரிதையா என்று கேட்டாள். ஃபோன் திரையில் தள்ளாமல் படிக்கிற அளவுக்கு மேல் ஒரு வரி இருக்கக் கூடாது என்றாள். ஆகவே, மேலே நேர வரிசையில் காலண்டர்; கீழே செய்ய வேண்டியவை, தேதி கிட்டத்தில் இருப்பது முதலில், அதிகம் போனால் ஐந்து. மீதி இருப்பவற்றுக்கு 'மேலும் ஒன்பது' என்று கடைசியில் ஒரு வரி வைத்திருந்தான். அதைக் காலையில் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது, எடுத்துவிடு என்றாள். எடுத்துவிட்டான்.

அடுத்த வம்பு காலண்டரில் வந்தது. நேரம் குறிக்காமல் நாள் முழுவதற்கும் போட்ட குறிப்புகள் வரிசையில் முதலில் வந்து உட்கார்ந்தன. சித்தி மகனின் பிறந்தநாள், குமாஸ்தா அண்ணனின் விடுப்பு, வண்டி இன்சூரன்ஸ், பல் டாக்டரை நினைவூட்டும் ஒரு வரி. இவற்றைக் கடந்துதான் கோர்ட்டுக்கு வர வேண்டியிருந்தது.

"இந்த முழுநாள் சமாச்சாரமெல்லாம் எனக்கு எதுக்குடா? நான் எங்க, எத்தனை மணிக்கு நிக்கணும், அதைச் சொல்லு போதும்."

ஒரே ஒரு நிபந்தனை வரி. நேரம் இல்லாத குறிப்புகளை விட்டுவிடு. அதைச் சேர்த்ததும் செய்தி பளிச்சென்று ஆகிவிட்டது. அவனே சொக்கிப்போனான். அந்த உற்சாகத்தில் யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தான். நேரம் குறித்த வேலைகளை எண்ணிப் பார்த்து, நான்குக்கு மேல் போனால் 'இன்று நெருக்கடியான நாள்', ஒன்றோ இரண்டோ என்றால் 'இன்று இலகுவான நாள்' என்று கடைசி வரியில் ஒரு தீர்ப்பு. முதல் நாள் அதைப் படித்து அக்கா சிரித்தாள். ஜோசியம் வேற பாக்குறியா என்று கேட்டாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இரண்டு நாள் வயிற்றை நிறைத்தது.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அக்கா இரவில் காலண்டரைப் புரட்டுவதை விட்டுவிட்டாள். அதெல்லாம் வால் காலையில் சொல்லிடுவான் என்று ஒரு வக்கீலிடம் ஃபோனில் அவள் சொன்னது இவன் காதில் விழுந்தது. தெரியாமல் விழுந்ததுதான், ஆனால் வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த செய்தி இது:

மாலை 5:00 – கட்சிக்காரர் சந்திப்பு, அலுவலகம்
செய்ய வேண்டியவை:
வங்கி நோட்டீசுக்குப் பதில் (நேற்றைய பாக்கி)
ஜாமீன் உத்தரவு நகல் வாங்க
பாகப்பிரிவினை வழக்கு, சாட்சிப் பட்டியல்
பிரிண்டர் மை
நூலகப் புத்தகம் திருப்ப
இன்று இலகுவான நாள்.

செய்தி வந்த சூட்டோடு அக்காவின் தோழி ஒருத்தி ஃபோன் செய்தாள். அவளும் வக்கீல். காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை, ஊரின் அடுத்த கோடியில் இருக்கும் கோர்ட்டில் இன்று ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தே ஆக வேண்டும், நீதிபதி இனி வாய்தா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், நீ போவாயா என்று கேட்டாள். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்கு இன்று ஒன்றும் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அங்கியை மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டுப் போனாள்.

வால் அலுவலகத்தைத் திறந்து மின்விசிறியைப் போட்டபோது படியேறி வந்தவர் தையல்காரம்மா. கீழே இரண்டு தெரு தள்ளி, முன்னால் தையல் கடையும் பின்னால் ஒரே அறையில் குடித்தனமுமாக இருபது வருடமாக இருக்கிறவர். இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார், ஜெயித்தும்விட்டார். அதை எதிர்த்து அக்கா மேல்முறையீடு செய்யப் போகிறாள் என்பது வாலுக்குத் தெரியும். என்றைக்கு என்பது தெரியாது. இதற்கிடையில் இடத்துக்காரர் ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் தருகிறேன், இல்லாவிட்டால் ஆட்களோடு வந்து மிஷினைத் தெருவில் வைப்பேன் என்பது அவருடைய பேச்சு. வக்கீலம்மா பார்த்துக்கொள்வார் என்று சொல்லித்தான் தையல்காரம்மா அதுவரை தாக்குப்பிடித்திருந்தார்.

கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி, அம்மா இருக்காங்களா என்று கேட்டார். இல்லை, ஊரின் அடுத்த கோடியில் ஒரு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றான். அவர் நகரவில்லை.

"இன்னைக்குத்தான் தம்பி கடைசி நாள்னு அம்மா சொன்ன மாதிரி ஞாபகம். ஏதாவது போடணும்னாங்களே."

வால் ஃபோனை எடுத்துச் செய்தியைப் பார்த்தான். மேலிருந்து கீழே பார்த்தான், மறுபடி ஒருமுறையும் பார்த்தான். அந்த மட்டில் அவன் பொறுப்பானவன்தான்.

"இன்னைக்கு உங்களோடது எதுவும் இல்லைம்மா. இருந்தா இதுல வந்திருக்கும்."

"எதுவுமே இல்லையா?"

"எதுவுமே இல்லை. நீங்க நிம்மதியா போங்க."

அவர் ஃபோனைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். சரி தம்பி என்று சொல்லிவிட்டு மெல்லப் படியிறங்கினார். நேரத்தை வீணாக்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்பிய திருப்தியோடு அவன் பிரிண்டருக்கு மை மாற்றினான்.

காலையெல்லாம் நகல் பிரிவில் வரிசையில் நின்றுவிட்டு, உச்சிவெயிலில் குமாஸ்தா அண்ணன் திரும்பி வந்தார். பெரிய மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். பீரோவைத் திறந்து நூல் கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்து, அம்மா எப்ப வருவாங்க, இதில் மூன்று இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றார். எந்தக் கட்டு என்று கேட்டான் வால். தையல் அப்பீல் என்றார். தீர்ப்பின் சான்று நகல் வந்ததே போன வாரம்தான், அதனால்தான் இவ்வளவு இழுத்துவிட்டது, இல்லாவிட்டால் போன மாதமே போட்டிருக்கலாம் என்று சாவகாசமாக விளக்கினார்.

வால் கட்டைத் தன் பக்கம் இழுத்தான். இதற்குக் கடைசி நாள் என்றைக்கு என்று கேட்டான்.

"தேதியெல்லாம் நான் வச்சுக்கிறதில்லை தம்பி. அம்மா காலண்டர்ல போட்டிருப்பாங்க."

அது அந்த அலுவலகத்தின் எழுதப்படாத சட்டம். என்றோ ஒரு காலத்தில் குமாஸ்தா அண்ணன் ஒரு தேதியைத் தப்பாகக் குறித்து, அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். அன்றிலிருந்து தேதி அம்மா வேலை, கட்டு என் வேலை என்று அவர் கோடு கிழித்துக்கொண்டார். தன் செயலியில் எந்த வேலைக்கும் அவர் தானாகத் தேதி போடுவதில்லை. அக்கா வாய்விட்டுச் சொன்னால்தான் போடுவார்.

வால் அவருடைய செயலியைத் திறந்தான். பட்டியலின் அடியில், தேதி இல்லாதவற்றோடு கிடந்தது: தையல் அப்பீல், அம்மா கையெழுத்து. தேதி கிட்டத்தில் இருப்பது முதலில் என்று வரிசைப்படுத்தினால் தேதியே இல்லாதது கடைசிக்குத்தான் போகும். ஐந்தோடு வெட்டினால் ஒருநாளும் மேலே வராது. பிரிண்டர் மைக்குத் தேதி இருந்தது, அதனால் அது வந்தது. ஒரு குடும்பத்தின் வீட்டுக்குத் தேதி இல்லை.

பிறகு அக்காவின் காலண்டரைத் திறந்தான். திறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையின் தலையில், முழு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு பட்டை: தையல் அப்பீல் – கடைசி நாள். கடைசி நாளுக்கு மணி ஏது? நாள் முழுவதும்தானே கடைசி நாள். ஆகவே அக்கா அதை முழுநாள் குறிப்பாகப் போட்டிருந்தாள். பின்னால் தள்ளிப் பார்த்தான். இதுவரை போட்ட ஒவ்வொரு கெடுவையும் அவள் அப்படித்தான் போட்டிருந்தாள். முழுநாள் சமாச்சாரம் வேண்டாம் என்று சொன்னபோது அவள் பிறந்தநாளைத்தான் நினைத்துச் சொன்னாள். அவனும் பிறந்தநாளைத்தான் நினைத்துச் செய்தான். இந்த இரண்டு வாரத்தில் வேறு கெடு எதுவும் வராததால் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஃபோன் போட்டான். அணைத்து வைத்திருந்தாள். கோர்ட் அறையில் ஃபோன் ஒலித்தால் அந்த நீதிபதி பிடுங்கி வைத்துக்கொள்வார் என்று ஊருக்கே தெரியும். குமாஸ்தா அண்ணனுக்கு இப்போதுதான் முகம் வெளுத்தது. இன்று தாக்கல் கவுண்டர் மூடுவதற்குள் கட்டு உள்ளே போகாவிட்டால், நாளை முதல் இடத்துக்காரருக்குக் கதவு திறந்துவிடும் என்றார். நீ போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேராகக் கவுண்டருக்கு வா, நான் கட்டண முத்திரையெல்லாம் தயார் செய்து வரிசையில் நிற்கிறேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வால் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் பாதி இறங்கிவிட்டான்.

வண்டியில் போகும்போது தையல்காரம்மாவுக்கு ஒரு ஃபோன் போடலாமா என்று தோன்றியது. போட்டு என்ன சொல்வது? காலையில் இல்லை என்றது இப்போது இருக்கிறது, ஆனால் முடியுமா என்று தெரியாது என்றா? முடித்துவிட்டே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சிக்னலில் நின்றபோதெல்லாம் அந்தச் சிவப்புப் பட்டைதான் கண்ணில் நின்றது. பெட்டியில் வைத்த கட்டு இருக்கிறதா என்று கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அந்தக் கோர்ட்டில் வராந்தா முழுக்க ஆட்கள். அறையின் வாசலில் நின்ற சேவகர் கையை நீட்டி மறித்தார். உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தாள். கூண்டில் ஒரு கணக்கர். அவள் ஒவ்வொரு கேள்வியாகப் போட்டு அவரைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். கணக்கர் முகத்தில் ஈயாடவில்லை. நின்று பேசுகிற வக்கீலைத் தொந்தரவு செய்தால் சாட்சி மூச்சு வாங்கிக்கொள்வான், பிடித்த பிடி நழுவிவிடும். அது இவனுக்கும் தெரியும். ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள், இடைவெளி பார்த்து நீட்டுகிறேன் என்றார் சேவகர், பரிதாபப்பட்டு.

சுவரில் காகிதத்தை வைத்து எழுதினான். 'அக்கா, ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது, முழுநாள் குறிப்புகளை நான் நீக்கியதால்' என்று போனது முதல் சீட்டு. கசக்கினான். 'மன்னித்துவிடு' என்று தொடங்கியது இரண்டாவது. நின்றபடி, சாட்சியிலிருந்து கண்ணை ஒரு நொடி எடுத்துப் படிக்கப் போகிறவளுக்கு இவனுடைய மன்னிப்பும் வேண்டாம், காரணமும் வேண்டாம். இரண்டு வாரம் உட்கார்ந்து அழகு பார்த்துச் செய்த சுருக்கத்தில் அவன் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாத கேள்வி இப்போது வந்தது. இவள் இதைப் பார்க்காமல் விட்டால் யாருக்கு என்ன போகும்? மூன்றாவது சீட்டில் எழுதினான்: 'தையல் அப்பீல் இன்று கடைசி. மூன்று கையெழுத்து. கட்டு வாசலில்.'

சேவகர் பூனை நடை நடந்து சீட்டை அவள் மேஜையில் வைத்தார். அக்கா பார்த்தாள். சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

வாலுக்கு உயிரே போய்விட்டது. படித்தாளா, வரி மட்டும் தெரிந்து விஷயம் தெரியவில்லையா, ஒன்றும் புரியவில்லை. அவள் குரலில் ஒரு நூல் பிசகவில்லை. இன்னொரு கேள்வி, இன்னும் ஒன்று. கணக்கர் தண்ணீர் கேட்டார். அந்த இடைவெளியில்தான் அவள் நீதிபதியிடம் ஐந்து நிமிடம் கேட்டாள். இப்போதா என்று அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வேறொரு கட்சிக்காரரின் வீடு சம்பந்தப்பட்டது, இன்று விட்டால் போய்விடும் என்றாள். போய்வாருங்கள் என்பது போல அவர் கையசைத்தார்.

வராந்தா ஜன்னல் விளிம்பில் கட்டைப் பிரித்தார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. நெருப்புப் பிடித்தாலும் படித்துவிட்டுத்தான் ஓடுவாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தீர்ப்புத் தேதியில் ஒரு எண் தப்பாக அடித்திருந்தது. அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரை அவன் பக்கம் திரும்பவில்லை.

"காலையில மெசேஜ்ல இது வரலை."

"முழுநாள் குறிப்புல போட்டிருந்தே. அதை எடுத்துடச் சொன்னது நீதான், அக்கா."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். நியாயம்தான். ஆனால் நியாயம் பேசுகிற நேரமா அது? அக்காவின் கண்ணில் ஒரு கணம் என்னவோ வந்து போனது, கோபமா பயமா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"நான் சொன்னேன். நீ கேட்டிருக்கணும், என்னென்ன அதுல போடுறேன்னு. சரி, சண்டை அப்புறம் போடலாம். ஓடு. அந்தம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு, காலையிலிருந்து பயந்துகிட்டே இருப்பாங்க."

அவர் காலையில் வந்துவிட்டுப் போனதை அவன் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நேரம் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

திரும்பி வந்த பாதையை அவன் பிறகு யோசித்துப் பார்த்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. தாக்கல் கவுண்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் அடியில் குமாஸ்தா அண்ணன், எதற்கும் அவசரப்படாத அந்த மனிதர், ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு, அலுவலரோடு அவருடைய மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தினால் ஷட்டர் இறங்கிவிடும், ஆகவே நிறுத்தவில்லை. கட்டு உள்ளே போனது. அலுவலர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, திருத்தத்தில் ஒப்பம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, அன்றைய தேதி முத்திரையைக் குத்தினார். எண் எழுதிய ரசீது கைக்கு வந்தது. குமாஸ்தா அண்ணன் படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்காவுக்கு ரசீதைப் படம் எடுத்து அனுப்பினான். தையல்காரம்மாவுக்கு ஃபோன் அடித்தான், எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம், காலையில் சொன்னதற்கு அதுதான் பரிகாரம் என்று கிளம்பினான். போகிற வழியெல்லாம் நிரலை மனதுக்குள் திருத்திக்கொண்டே போனான். சிவப்புப் பட்டைகளை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். தேதி இல்லாத வேலைகளைத் தனியாக, தேதி இல்லை என்றே சொல்லிக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டது எத்தனை என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், அக்காவுக்கு வயிற்றைக் கலக்கினால் கலக்கட்டும். நாள் இலகுவா கனமா என்று சொல்கிற அந்த அதிகப்பிரசங்கி வரியை முதலில் தூக்க வேண்டும்.

தையல்காரம்மா மிஷினில்தான் இருந்தார். யாருடைய பள்ளிச் சீருடைக்கோ விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு, வாங்க தம்பி, உட்காருங்க என்று ஸ்டூலில் கிடந்த துணியை எடுத்தார். அவன் உட்காரவில்லை. ரசீதை நீட்டினான். அப்பீல் போட்டாகிவிட்டது, எண் கிடைத்துவிட்டது, இனி தடை உத்தரவு வாங்கிவிட்டால் யாரும் உங்களை அசைக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னான்.

அவர் ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் பேர்லயா தம்பி?"

"உங்க பேர்லதான்மா."

"காலையில எதுவுமே இல்லைன்னீங்களே."

குரலில் குற்றம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். அவன் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார். வக்கீலம்மா கைவிட்டுவிட்டார் போலிருக்கிறது, ஜெயிக்காது என்று தெரிந்து சொல்லக் கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். அந்தப் படியிலிருந்து இறங்கியவர் வீட்டுக்கு வரவில்லை. நேராக இடத்துக்காரர் வீட்டுக்குப் போனார். இன்றைக்குள் வந்தால்தான் ஆறு மாதம் என்று அவர் கெடு வைத்திருந்தார். எழுதித் தயாராக வைத்திருந்த தாளில், இரண்டு சாட்சிகளுக்கு முன்னால், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"அப்பீலுக்குப் போகமாட்டேன்னும் அதுல ஒரு வரி இருந்துச்சு. அதான் எதுவும் இல்லையேன்னு போட்டுட்டேன்."

வால் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஃபோன் ஒலித்தது, அக்கா. குறுக்கு விசாரணை முடிந்து வெளியே வந்துவிட்டாள். ரசீது பார்த்த தெம்பு குரலில் இருந்தது. அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா, என்ன சொன்னாங்க என்று கேட்டாள். எங்கிருந்து தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு தொடங்க வேண்டிய இடத்திலிருந்தே தொடங்கினான்.

"காலையில இவங்க ஆபீசுக்கு வந்தாங்க, அக்கா. இன்னைக்குத்தானே கடைசின்னு கேட்டாங்க. மெசேஜைப் பார்த்து, எதுவும் இல்லைன்னு நான்தான் அனுப்பிட்டேன். காலி பண்றேன், அப்பீலுக்குப் போகமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

அக்கா அப்போதும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஃபோனை அவங்ககிட்ட குடு என்றாள்.

தையல்காரம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார். அக்கா பேசப் பேச, சரிங்கம்மா, ஆமாங்கம்மா, ரெண்டு பேரு சாட்சிங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பதறிப்போனார். வாலை ஒருமுறை பார்த்துவிட்டு, அவனுக்குக் கேட்கக் கூடாது என்று கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்.

"ஐயோ, தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் சொன்னாரு."